கண், சிறகு நுனி, முகம்: சாலையோரக் கம்பத்தில் அமர்ந்திருப்பது ராஜாளியா, ஷிக்ராவா, பூனைப்பருந்தா?

கொல்கத்தா: குளிர்காலம் தொடங்கியதும் கொல்கத்தாவின் புறநகரான ராஜார்ஹாட் நியூ டவுன் சாலைகளில் ஒரு காட்சி வழக்கமாகிவிடுகிறது. மின்கம்பத்தின் உச்சியிலோ கம்பியிலோ சிறிய வேட்டைப்பறவை ஒன்று அசையாமல் அமர்ந்திருக்கும். சாலையில் செல்பவர் வண்டியை நிறுத்தி, கைபேசியாலோ கேமராவாலோ ஒரே ஒரு படம் எடுப்பார். அதற்குள் பறவை பறந்துவிடும். பின்னர் அந்த ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு, அது என்ன பறவை என்ற விவாதம் நண்பர்களிடையே நாள் முழுவதும் நடைபெறும். ஒருவர் ராஜாளி என்பார். மற்றொருவர் ஷிக்ரா என்பார். மூன்றாமவர் பூனைப்பருந்து என்று உறுதியாகக் கூறுவார்.

இந்த விவாதம் வெறும் பொழுதுபோக்கு அன்று. பொதுமக்கள் பதிவேற்றும் பறவைப் பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டே இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023ஆம் ஆண்டு அறிக்கை தயாரிக்கப்பட்டது. திறந்தவெளிகளில் வாழும் பறவைகளும் வேட்டைப்பறவைகளும் குறைந்து வருவதாக அந்த அறிக்கை எச்சரித்தது. கொல்கத்தா வட்டாரத்தில் காணக்கூடிய செந்தலை ராஜாளியும், இந்தியாவுக்கு வலசை வரும் வெளிர் பூனைப்பருந்தும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அச்சுறு நிலையை அண்மித்த இனங்களாக இடம்பெற்றுள்ளன. எங்கும் பரவலாகக் காணப்படும் ஷிக்ராவை ஒருவர் செந்தலை ராஜாளி என்று பதிவு செய்தால், அப்பறவை இல்லாத இடத்தில் இருப்பதாகக் கணக்கு ஏறிவிடும்.

சரி, ஒற்றைப் படத்தில் எதைப் பார்ப்பது? நிறத்தையா, உருவ அளவையா? இரண்டையும் கடைசிக்கு ஒதுக்கி வைப்பதே நல்லது. இப்பறவைகளின் இளம்பறவைகள் பலவும் முதுகில் பழுப்பு, மார்பில் கோடு அல்லது புள்ளி என ஒரே சாயலில் இருக்கும். அளவை ஒப்பிடுவதற்கு, படத்தில் மின்கம்பியைத் தவிர வேறொன்றும் இருக்காது. நம்பகமானவை மூன்று: கண்ணின் நிறம், மடித்த சிறகின் நுனி வாலில் எங்கே முடிகிறது என்பது, முகத்தின் அமைப்பு.

கொல்கத்தாவில் மொழிபெயர்க்கப்பட்ட பழைய விதி

இம்மூன்றில் முதல் இரண்டும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. பறவைகளைக் கொண்டு வேட்டையாடிய பாரசீக, இந்திய வேட்டைக்காரர்கள் அவற்றை இரண்டே வகையாகப் பிரித்தனர். ஒன்று கருங்கண் பறவைகள், மற்றொன்று மஞ்சள்கண் பறவைகள். தைமூர் மிர்சா என்ற பாரசீக இளவரசர் எழுதிய 'பாஸ்-நாமா-யி நாசிரி' என்ற வேட்டைப்பறவை நூலும் இந்தப் பகுப்பைப் பின்பற்றுகிறது. இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், கொல்கத்தாவில் அரசுத் தேர்வாளர் குழுவின் செயலராகப் பணியாற்றிய டி.சி. ஃபில்லாட் என்ற படை அதிகாரி. மொழிபெயர்ப்பு 1908ஆம் ஆண்டு லண்டனில் வெளியானது.

கருங்கண் பறவைகளுக்கு நீண்ட சிறகு, மஞ்சள்கண் பறவைகளுக்குக் குட்டைச் சிறகு என்பது அவ்விதியின் மறுபாதி. கருங்கண், நீள்சிறகு என்றால் இன்றைய ஃபால்கன் எனும் ராஜாளிக் குடும்பம். மஞ்சள்கண், குறுஞ்சிறகு என்றால் ஷிக்ரா போன்ற வைரிகள். பறவையைக் கையில் ஏந்தி வளர்த்தவர்கள் வகுத்த விதி என்பதால், அது நூற்றாண்டுகளைக் கடந்தும் பெருமளவு சரியாகவே உள்ளது.

தமிழ்ப் பெயர்கள் இந்த வேறுபாட்டுக்கு உதவுவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வல்லூறு என்ற சொல் சில நூல்களில் ஷிக்ராவைக் குறிக்கிறது. அதே சொல் பொரி வல்லூறு, சிவப்பு வல்லூறு என்று ராஜாளிக் குடும்பத்துப் பறவைகளுக்கும் வழங்குகிறது. ஷிக்ராவை வைரி என்று அழைப்போரும் உண்டு. குழப்பத்தைத் தவிர்க்க, இக்கட்டுரையில் ஷிக்ரா, கெஸ்ட்ரல் என்ற பெயர்களே பயன்படுத்தப்படுகின்றன. கெஸ்ட்ரல் என்பது சிவப்பு வல்லூறு.

அறிவியல் பெயர்களிலும் இக்குழப்பம் இருந்தது. ஷிக்ராவுக்கு 1788இல் பெயரிட்ட ஜெர்மானிய இயற்கையியலாளர் கெமலின், அதை ராஜாளிகளின் பேரினமான ஃபால்கோவிலேயே சேர்த்தார். பிற்காலத்தில் அது ஆக்சிபிட்டர் என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டது. மரபணு ஆய்வுகளைத் தொடர்ந்து, 2024இல் இபேர்ட் தளம் பின்பற்றும் பட்டியல் அதை டாக்கிஸ்பைசா என்ற பேரினத்தில் வைத்தது. ராஜாளிகளோ பருந்துகளுக்கு நெருங்கிய உறவே அல்ல என்பதும், கிளிகளுக்கும் பாடும் பறவைகளுக்குமே அவை நெருக்கமானவை என்பதும் 2008இல் வெளியான மரபணு ஆய்வில் தெரியவந்தது. வளைந்த அலகும் கூரிய நகமும் இரு குடும்பங்களிலும் தனித்தனியே உருவானவை. தோற்றம் ஏமாற்றுவதில் வியப்பில்லை.

முதலில் கண்

ராஜாளிக் குடும்பத்தில் கெஸ்ட்ரல் முதல் பொரி வல்லூறு வரை, கருவிழியைச் சூழ்ந்த பகுதி அடர்பழுப்பாக இருக்கும். படத்தில் முழுக்கண்ணும் கறுப்பு மணி போலவே தோன்றும். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று தெரியக்கூடும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். அந்த மஞ்சள் கண்ணின் நிறம் அன்று. கண்ணைச் சுற்றியுள்ள இறகற்ற தோலின் நிறம். மஞ்சள் வளையத்துக்குள் இருப்பது முழுவதும் கறுப்பா, அல்லது மஞ்சளுக்கு நடுவே சிறிய கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னது ராஜாளி. பின்னது ஷிக்ரா.

ஷிக்ராவின் கண் வயதுக்கேற்ப மாறுகிறது. இளம்பறவைக்கு வெளிர்மஞ்சள், வளர்ந்த பெண்பறவைக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு சாயல், வளர்ந்த ஆண்பறவைக்குச் சிவப்பு. எனவே கண் மஞ்சளாக இல்லை என்பதால் மட்டும் ஷிக்ராவை விலக்கிவிடக் கூடாது. கண்மணியும் அதைச் சூழ்ந்த பகுதியும் வெவ்வேறு நிறத்தில் தெரிகின்றனவா என்பதே கேள்வி.

ஒளி இதில் பெரிதும் ஏமாற்றும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கம்பத்தின் மேல் எடுத்த படத்தில் பறவையின் முகம் நிழலில் இருக்கும். அப்போது ஷிக்ராவின் மஞ்சள் கண்ணும் கறுப்பாகவே பதிவாகும். கைபேசியின் படத் திருத்த வசதியில் நிழல் பகுதியின் ஒளியை மட்டும் கூட்டினால், பல நேரங்களில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படும். இதற்கு மாறான பிழையும் உண்டு. கறுப்புக் கண்ணில் சூரியன் பிரதிபலித்து ஒரு வெண்புள்ளி விழும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர் அதை வெளிர் நிறக் கண் என்று எண்ணிவிடுவார். வாட்ஸ்அப் வழியே இரண்டு மூன்று முறை பகிரப்பட்ட படமானால் கண் பகுதி சில புள்ளிகளாகக் குறுகியிருக்கும். அந்நிலையில் எடுத்தவரிடம் மூலப் படத்தைக் கேட்டுப் பெறுவதே வழி.

இவ்வளவு எளிய விதி பூனைப்பருந்துகளிடம் தோற்றுப்போகிறது. வளர்ந்த ஆண் பூனைப்பருந்தின் கண் மஞ்சள். இளம்பறவையின் கண் பெரும்பாலும் அடர்பழுப்பு. குளிர்காலத்தில் வங்காளத்துக்கு வந்து சேரும் பூனைப்பருந்துகளில் இளம்பறவைகளும் உண்டு என்பதால், கறுப்புக் கண் என்றாலே ராஜாளி என்ற முடிவுக்கு வர இயலாது. சுருங்கச் சொன்னால், மஞ்சள் கண் ராஜாளியை உறுதியாக விலக்கும். கறுப்புக் கண் அதே உறுதியுடன் எதையும் நிறுவாது.

சிறகு நுனி எங்கே முடிகிறது?

ஷிக்ரா மரங்களுக்கிடையே வேட்டையாடும் பறவை. ஒரு மரத்தின் இலைமறைவில் காத்திருந்து, சட்டென்று பாய்ந்து, ஓணானையோ சிறுபறவையையோ அணிலையோ பற்றும். கிளைகளுக்கிடையே வளைந்து செல்லக் குட்டையான, வட்டமான சிறகும், திசைதிருப்ப நீண்ட வாலும் அதற்குத் தேவை. ராஜாளிகளோ திறந்தவெளியில் பறப்பவை. சிறகு நீண்டு கூராக இருக்கும். பறவை சிறகை மடித்து அமரும்போது இந்த வேறுபாடு ஒரே இடத்தில் தெரிகிறது. அதுவே சிறகு நுனி வாலைத் தொடும் இடம்.

அளவிடுவதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. படத்தில் வால் தொடங்கும் இடத்திலிருந்து வால் நுனி வரையுள்ள நீளத்தை மனத்துக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஷிக்ராவின் சிறகு நுனி முதல் பகுதியின் முடிவிலோ நடுப்பகுதியிலோ நின்றுவிடும். அதற்குக் கீழே வரிவரியான வால் நீண்டு தொங்கும். கெஸ்ட்ரலின் சிறகு நுனி கடைசிப் பகுதிக்குள் வந்து, வால் நுனிக்குச் சற்று முன்பாக முடியும். ஹாபி எனப்படும் சிறு ராஜாளியிடம் சிறகு நுனி வாலையே தாண்டி நிற்கும். வலசைப் பயணத்தில் எப்போதாவது வங்காளத்தில் தென்படும் அமூர் ராஜாளியிடம் அது வால் நுனியை எட்டும் அல்லது சற்றுத் தாண்டும்.

பூனைப்பருந்துக்கும் சிறகு நீளமே. தாழப் பறந்து, புல்வெளியின் மேல் மெதுவாக மிதந்து செல்லும் பறவை அது. மடித்த சிறகு வாலின் கடைசிப் பகுதி வரை வரும். ஆகவே இந்த விதி ஷிக்ராவை மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்கும். ராஜாளியைப் பூனைப்பருந்திலிருந்து பிரிக்காது.

அளவிடும்போது கவனிக்க வேண்டியவை சில உள்ளன. பறவை கேமராவை நோக்கி நேராக அமர்ந்திருந்தால், சிறகு நுனி விலாப்புற இறகுகளுக்குள் மறைந்துவிடும். கீழிருந்து மேல்நோக்கி எடுத்த படத்தில் வால் உள்ளதைவிடக் குட்டையாகத் தெரியும். முதுகுப்புறமாகவோ பக்கவாட்டிலோ எடுத்த படமே இதற்கு ஏற்றது. இன்னொரு சிக்கல் கோடைக்கு உரியது. ஷிக்ரா கொல்கத்தாவிலேயே கூடு கட்டும் பறவை. கோடையில் கூட்டைவிட்டு வெளியே வரும் குஞ்சுகளுக்கு வால் முழுமையாக வளர்ந்திருக்காது. குட்டை வாலில் சிறகு நுனி வழக்கத்தைவிடக் கீழே இறங்கியதாகத் தோன்றும். ஜூன் மாதத்தில் எடுத்த ஷிக்ரா குஞ்சின் படம் கெஸ்ட்ரலாக மாறுவது இப்படித்தான். கெஸ்ட்ரல் கொல்கத்தாவுக்குக் குளிர்கால விருந்தாளி என்பதை நினைவில் கொண்டால் இப்பிழை நேராது.

ராஜாளிகளிலும் விதிவிலக்கு உண்டு. வங்காளத்தில் துருமதி என்று அழைக்கப்படும் செந்தலை ராஜாளியின் சிறகு நுனி, ஹாபியைப் போல வாலைத் தாண்டுவதில்லை. நுனிக்கு முன்பே நின்றுவிடுகிறது. வயிற்றில் நெருக்கமான வரிகளும் சாம்பல் முதுகும் கொண்ட இப்பறவையை ஷிக்ரா என்று எண்ணுவது எளிது. செங்காவி நிறத் தலையும் கறுப்புக் கண்ணுமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

முகமே இறுதித் தீர்ப்பு

பழைய வேட்டைக்காரர்களின் விதியில் பூனைப்பருந்துக்கு இடமில்லாமல் போனதை மேலே கண்டோம். அக்குறையை முகம் நிறைவு செய்கிறது.

ராஜாளியின் முகத்தில் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் இறங்கும் ஒரு கருங்கோடு இருக்கும். மீசை வைத்தது போன்ற இக்கோடு பொரி வல்லூறில் அகன்றும், கெஸ்ட்ரலில் மெலிந்தும் காணப்படும். சூரிய ஒளியின் கூச்சத்தைக் குறைப்பதே இதன் பணி என்பது நெடுநாள் கருத்து. அதைச் சோதிக்க, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பொதுமக்கள் இணையத்தில் பதிவேற்றிய பொரி வல்லூறின் படங்களை உலகெங்கிலுமிருந்து திரட்டினர். வெயில் மிகுந்த பகுதிகளில் வாழும் பறவைகளின் மீசை அகன்றும் கறுத்தும் இருப்பதை 2021இல் அவர்கள் தெரிவித்தனர். சாலையோரப் படங்கள் அறிவியலுக்கும் பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஷிக்ராவுக்கு மீசை இல்லை. அதன் அடையாளம் கன்னத்தில் இல்லாமல் தொண்டையில் இருக்கிறது. வெண்மையான தொண்டையின் நடுவே, தாடையிலிருந்து மார்பு நோக்கி ஒற்றைக் கோடு ஒன்று இறங்கும். வளர்ந்த பறவையில் அது மெல்லிய சாம்பல் கோடு. சில படங்களில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இளம்பறவையில் அது கறுத்துத் தெளிவாக இருக்கும். கோடு இரு கன்னங்களில் இருந்தால் ராஜாளி, தொண்டையின் நடுவே இருந்தால் ஷிக்ரா என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் வரும் சிட்டுப்பருந்துக்கு இந்தத் தொண்டைக்கோடு கிடையாது என்பது கூடுதல் உதவி.

பூனைப்பருந்தின் முகம் இவ்விரண்டையும் ஒத்ததன்று, ஆந்தையை நினைவூட்டுவது. கண்களையும் கன்னங்களையும் சுற்றி, சிறிய விறைப்பான இறகுகள் வட்டத் தட்டு போல் அமைந்திருக்கும். அத்தட்டின் விளிம்பு பல இனங்களில் வெளிர் நிறக் கழுத்துப்பட்டை போலத் தெரியும். இது அழகுக்காக அமைந்ததல்ல. புல்லுக்குள் ஓடும் எலியின் ஒலியைக் குவித்துக் காதுக்குச் செலுத்த உதவும் அமைப்பு. பூனைப்பருந்தால் ஒலியை மட்டும் கொண்டே இரையின் இருப்பிடத்தை அறிய முடியும் என்பதை அமெரிக்காவில் வாழும் இனம் ஒன்றின் மீது நடைபெற்ற ஆய்வு 1982இல் காட்டியது.

இத்தட்டு எல்லாக் கோணங்களிலும் தெரிவதில்லை. நேர்முகமாக அல்லது முக்கால் பக்கமாக எடுத்த படத்தில் தெளிவாகத் தெரியும். முழுப் பக்கவாட்டில் ஒரு வளைந்த விளிம்பாக மட்டும் தெரியும். அப்போது காலைப் பார்க்கலாம். பூனைப்பருந்தின் கால்கள் மெலிந்து நீண்டவை. அமர்ந்திருக்கும் இடமும் ஒரு குறிப்பு தரும். பூனைப்பருந்து மின்கம்பியில் அமர்வது அரிது. வயல் வரப்பிலோ, மண்மேட்டிலோ, தாழ்வான முளையிலோ அமர்வதே வழக்கம். கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தில், பேரி என்று உள்ளூரில் அழைக்கப்படும் மீன்வளர்ப்புக் குளங்களின் கரைகளில் சேற்றுப் பூனைப்பருந்து இவ்வாறு அமர்ந்திருப்பதைக் காணலாம். 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இச்சதுப்பு நிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்

ஜனவரி மாதக் காலை, நியூ டவுன் சாலையோர மின்கம்பம். பழுப்பு முதுகு, வெண்மார்பில் பழுப்புத் தீற்றல்கள், வரிகள் கொண்ட வால். அனுப்பியவர் 'பெண் கெஸ்ட்ரல்' என்று குறிப்பிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெண் கெஸ்ட்ரல், இளம் ஷிக்ரா, இளம் பூனைப்பருந்து ஆகிய மூன்றுக்குமே இவ்வருணனை பொருந்தும். எனவே இவ்வளவில் எந்த முடிவுக்கும் வர இயலாது.

கண் முதல் பார்வையில் கறுப்பாக உள்ளது. நிழலின் ஒளியைக் கூட்டியதும் வெளிர்மஞ்சளும் அதன் நடுவே கரும்புள்ளியும் தெரிகின்றன. ராஜாளி விலகிவிட்டது. பறவை பக்கவாட்டில் அமர்ந்திருப்பதால் சிறகு நுனி நன்றாகத் தெரிகிறது. வாலின் நடுப்பகுதி தொடங்கும் இடத்திலேயே அது முடிந்துவிடுகிறது. ஜனவரி மாதம் என்பதால் வால் வளராத குஞ்சு என்ற ஐயத்துக்கும் இடமில்லை. பூனைப்பருந்தும் விலகுகிறது. கன்னத்தில் மீசையில்லை, முகத்தட்டு இல்லை. தொண்டையின் நடுவே கருங்கோடு உள்ளது. இது இளம் ஷிக்ரா. இப்போது மார்பைத் திரும்பப் பார்த்தால், தீற்றல்கள் நீர்த்துளி வடிவில் பருத்திருப்பது தெரியும். பெண் கெஸ்ட்ரலில் அவை மெல்லிய கோடுகளாக இருக்கும். செங்காவி முதுகில் கரும்பட்டைகளும், வால் நுனிக்கு அருகில் மற்றவற்றைவிடத் தடித்த ஒரு கரும்பட்டையும் இருக்கும்.

ஒளியைக் கூட்டிய பின்னும் கண் கறுப்பாகவே இருந்திருந்தால்? சிறகு நுனி வாலின் கடைசிப் பகுதி வரை வந்திருந்தால் ஷிக்ரா விலகி, கெஸ்ட்ரலும் இளம் பூனைப்பருந்தும் எஞ்சும். அங்கே முகம் தீர்ப்பளிக்கும். மூன்று அடையாளங்களும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், படத்தின் கோணத்தை ஐயுற வேண்டும். அல்லது அது இம்மூன்று குழுக்களிலும் சேராத வேறொரு பறவையாக இருக்கலாம்.

முரண்பாடு எழும்போது

அத்தகைய வேறு பறவைகளில் முதன்மையானது கருந்தோள் பருந்து. இந்தியாவில் சாலையோரக் கம்பிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் சிறு வேட்டைப்பறவைகளில் இதுவும் ஒன்று. இதன் சிறகு நுனி வாலைத் தாண்டி நிற்கும். அதை மட்டும் பார்ப்பவர் ராஜாளி என்பார். ஆனால் வளர்ந்த பறவையின் கண் மாணிக்கச் சிவப்பு. நீண்ட சிறகும் சிவந்த கண்ணும் சேர்ந்து வந்தால், வெண்ணிற அடிப்பகுதியும் தோளில் கரும்படலமும் உள்ளனவா என்று பார்த்தால் போதும். காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் பழக்கம் கெஸ்ட்ரலுக்கும் இதற்கும் பொது என்பதால், பறந்ததைப் பார்த்தவர்களின் சாட்சியமும் இங்கே அதிகம் உதவாது.

இரண்டாவது, புருலியா, பாங்குரா போன்ற மேற்கு மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குரிய வெள்ளைக்கண் வைரி. இதற்குத் தொண்டையில் நடுக்கோடும் உண்டு, கன்னங்களில் கோடுகளும் உண்டு. ஷிக்ரா, ராஜாளி ஆகிய இரண்டின் அடையாளங்களையும் ஒருங்கே கொண்ட முகம். வளர்ந்த பறவையின் வெளிர்ந்த கண்ணும், வால் நுனியை நெருங்கும் சிறகும் அதைப் பிரித்துக் காட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவு கிட்டவில்லை என்றால், இனப்பெயர் இன்றியே பதிவு செய்யலாம். இபேர்ட் தளத்தில் 'ராஜாளி வகை', 'பூனைப்பருந்து வகை' என்பது போன்று குழு அளவில் மட்டும் பதிவு செய்யும் வசதி உள்ளது. படத்தையும் உடன் இணைத்தால், அனுபவமிக்க சரிபார்ப்பாளர் ஒருவர் பின்னர் அதைத் திருத்திக்கொள்ள இயலும்.

கொல்கத்தா மக்களுக்கு நன்கு அறிமுகமான ஒரு பறவை மட்டும் இந்த மூன்று சோதனைகளிலும் தேறி வந்து ஏமாற்றவல்லது. கோடைக் காலத்தில் இடைவிடாது கூவும் அக்காக் குயில் அது. வங்க மக்களின் காதுகளில் அதன் குரல் 'சோக் கேலோ', அதாவது 'கண் போச்சு' என்று ஒலிக்கிறது. சாம்பல் முதுகு, வரி வால், மஞ்சள் கண் என அச்சு அசலாக ஷிக்ராவைப் போன்றே இருக்கும். பறக்கும் விதமும் அப்படியே. சிறு பறவைகள்கூட அதைக் கண்டு பதறிக் குரலெழுப்புகின்றன. படத்தில் அதை அடையாளம் காண அலகையும் காலையும் பார்க்க வேண்டும். ஷிக்ராவின் அலகு அடியிலிருந்தே வளைந்து கொக்கி போல முடியும். குயிலின் அலகு ஏறத்தாழ நேராக நீண்டு, நுனியில் மட்டும் சற்றே வளையும். ஷிக்ராவுக்கு மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னுமாக, வளைந்த கரிய நகங்களுடன் இருக்கும். குயிலுக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு.